500 ஜி.எஸ்.எம். துண்டு, 180 ஜி.எஸ்.எம். டி-சர்ட், 120 ஜி.எஸ்.எம். விரிப்புத் துணி: இந்த எண்களை எப்படி ஒப்பிடுவது?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் குடும்பம் ஒரு சிறிய தங்கும் விடுதி நடத்துகிறது. அறைகளுக்குக் குளியல் துண்டு, பணியாளர்களுக்கு டி-சர்ட், கட்டில் விரிப்பு தைக்கப் பருத்தித் துணி ஆகிய மூன்றையும் சேர்த்து வாங்கத் திட்டமிட்டு, சில இடங்களில் விலைப் பட்டியல் கேட்டிருந்தேன். துண்டுக்கு 500, டி-சர்ட்டுக்கு 180, விரிப்புத் துணிக்கு 120 என்று ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.எம். எண் தந்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கும் என்பதையே அந்த எண் சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 120 உள்ள விரிப்புத் துணியைவிட 145 உள்ள வேறொரு விரிப்புத் துணி மலிவாக இருப்பது ஏன் என்பது விளங்கவில்லை. துண்டின் மாதிரியைக் கையில் எடுத்தால் 500 என்பதற்குரிய கனம் அதில் இல்லாதது போலவும் தோன்றுகிறது. இவற்றைச் சரிபார்க்க வீட்டிலேயே ஏதேனும் வழி உண்டா?

மாங்கனி நகர்

எண் கூடினால் தரம் கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. கூடுதல் ஜி.எஸ்.எம். என்றால் அதில் கூடுதல் பருத்தி இருக்கிறது என்று பொருள். பருத்தி கூடினால் உழைப்பும் கூடும், விலையும் கூடும். எனவே துண்டில் 600, டி-சர்ட்டில் 220, விரிப்பில் 150 என்று கேட்டு வாங்கினால் ஏமாற வாய்ப்பில்லை.

பின்னல் நகரம்

திருப்பூரில் பின்னலாடைத் தரப் பரிசோதனையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் பாதி சரி. ஒரே வகை நூலில், ஒரே அமைப்பில் செய்த இரண்டு துண்டுகளை அருகருகே வைத்தால், கூடுதல் எண் உள்ளதில் கூடுதல் பருத்தி இருக்கிறது என்பது உண்மை. அந்த எல்லையைத் தாண்டி அந்த எண்ணிடம் எதையும் கேட்க முடியாது. நூல் எவ்வளவு மெல்லியது, எவ்வளவு நெருக்கமாகக் கோக்கப்பட்டது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பவற்றில் ஒன்றையும் அது சொல்வதில்லை. துண்டின் 500-ஐயும் டி-சர்ட்டின் 180-ஐயும் ஒரே அளவுகோலில் வைப்பதிலும் பயனில்லை. துண்டில் அடித்துணிக்கு மேலே இரு பக்கமும் சுருள் சுருளாக நூல் நிற்கிறது, எடையின் பெரும்பகுதி அந்தச் சுருளில்தான் இருக்கிறது. டி-சர்ட்டில் உள்ளது ஒரே அடுக்குப் பின்னல் மட்டும்.

துண்டைச் சரிபார்க்க வெட்டவே தேவையில்லை. முழுத் துண்டையும் எடை போட்டு அதன் பரப்பால் வகுத்தால் போதும். 75 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டின் பரப்பு 1.125 சதுர மீட்டர். அது 500 ஜி.எஸ்.எம். என்றால் துண்டு 562 கிராம் இருக்க வேண்டும். தொழிலில் ஐந்து விழுக்காடு வரை கூடக்குறைய இருப்பதை ஏற்பது வழக்கம் என்பதால், 534 கிராமுக்குக் கீழே போனால் கேள்வி கேட்கலாம். சமையலறைத் தராசே இதற்குப் போதும். நான்கைந்து துண்டுகளைச் சேர்த்து எடை போட்டுச் சராசரி எடுத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும். லேபிளில் உள்ள அளவை நம்பிவிடாமல், துண்டை மேசையில் இழுக்காமல் விரித்து டேப்பால் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அச்சுக்கூடம்

நான் அச்சகம் வைத்திருப்பவன். எங்களுக்கு 70 ஜி.எஸ்.எம். என்றால் சாதாரண எழுதுதாள், 300 என்றால் விசிட்டிங் கார்டு அட்டை. அதாவது ஜி.எஸ்.எம். என்பது தடிமனைக் குறிக்கும் எண். அப்படியிருக்க, தராசைத் தேடுவதைவிட ஸ்குரூ கேஜ் வைத்துத் தடிமனை அளந்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுமே?

பின்னல் நகரம்

தாளிலும் அது எடைதான், ஐயா. தாளை அழுத்தி உருட்டித் தயாரிப்பதால் எடை கூடும்போது தடிமனும் ஏறக்குறைய உடன் கூடுகிறது, அதனால் இரண்டும் ஒன்று போலத் தோன்றுகின்றன. துண்டில் அந்த உறவு அறுந்துவிடுகிறது. சுருளை உயரமாகவும் இடைவெளி விட்டும் நெய்தால், குறைந்த பருத்தியிலேயே துண்டு உப்பிக் காட்டும். அதே பருத்தியைக் குட்டையான, நெருக்கமான சுருளாக நெய்தால் துண்டு ஒல்லியாகத் தெரியும், ஆனால் உழைக்கும். கையால் தொட்டு, உப்பலைப் பார்த்து எடையைக் கணித்தால் தவறிப்போவது இதனால்தான்.

காவிரிக்கரை

மிக்க நன்றி, ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். மாதிரிக்கு வந்த நான்கு துண்டுகளும் சேர்ந்து 1,912 கிராம் இருந்தன, ஆகவே ஒரு துண்டு 478 கிராம். லேபிளில் 75க்கு 150 என்று அச்சிட்டிருக்கிறார்கள். டேப்பால் அளந்தபோது 72க்கு 146தான் வருகிறது. லேபிள் அளவால் வகுத்தால் 425 ஜி.எஸ்.எம்., உண்மை அளவால் வகுத்தால் 455 ஜி.எஸ்.எம். இரண்டுமே 500-ஐத் தொடவில்லை. இதில் எதை வைத்துக் கடைக்காரரிடம் பேசுவது?

கரூர்த் தறி

உண்மை அளவில் வந்த 455-தான் உங்கள் துண்டின் ஜி.எஸ்.எம். லேபிள் அளவில் கணக்கிட்ட 425 துணியைப் பற்றிய எண் அன்று. அளவிலும் குறைத்து, கனத்திலும் குறைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் அது காட்டுகிறது. பேசும்போது இரண்டு குறைகளையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: துண்டு அளவில் சிறியது, ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 45 கிராம் குறைவு.

ஆனால் அவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். கரூரில் ஏற்றுமதிக்கு டெர்ரி துண்டு நெய்யும் ஆலைகளில் நான் பார்த்த ஒரு நடைமுறை உண்டு. வட்டமாக வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டர் என்ற கருவியால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுத்து, அதன் எடையை நூறால் பெருக்குவார்கள். அந்த வட்டத்தைத் துண்டின் நடுவில், சுருள் நிறைந்த இடத்தில் வெட்டினால் 500 வரலாம். அதே துண்டின் இரு முனைகளிலும் உள்ள பார்டர் பட்டையில் சுருள் கிடையாது, எனவே அங்கே எடை குறைவு. முழுத் துண்டையும் எடை போடும்போது அந்தக் குறைவு சேர்ந்துகொண்டு சராசரியைக் கீழே இழுக்கிறது. பார்டர் அகலமாக இருந்தால் இழுப்பும் அதிகம். அவர் எங்கே வெட்டி அளந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இரண்டு துண்டுகளை மூன்று முறை துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

நெய்தல் நிலத்தாள்

நான் சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதியில் வசிக்கிறேன். பெரிய கடை ஒன்றில் 650 ஜி.எஸ்.எம். என்று எழுதியிருந்த துண்டுகளை ஆசையாக வாங்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை இரண்டு நாளானாலும் முழுதாகக் காயவில்லை. சுருளின் அடியில் ஈரம் தங்கி வாடை அடித்தது. இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஈரிழைத் துண்டுக்குத் திரும்பிவிட்டோம். சுருள் இல்லாததால் அது கையில் லேசாக இருக்கிறது, ஆனாலும் உடம்பை நன்றாகத் துவட்டுகிறது, மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. விடுதிக்கு 500-தான் வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள், அக்கா?

காவிரிக்கரை

விடுதித் தொழிலில் இருக்கும் உறவினர் ஒருவர் 500 என்று சொன்னார், அதையே பிடித்துக்கொண்டேன். நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எங்களிடம் உலர்த்தும் இயந்திரம் இல்லை, மொட்டை மாடிக் கொடிதான். 400க்கும் 500க்கும் உள்ள வேறுபாடு துண்டுக்கு நூறு கிராம் பருத்திக்கு மேல் வருகிறது. அந்தப் பருத்தி குடிக்கும் நீரையும் கொடிதானே காயவைக்க வேண்டும்? ஆனால் 400 துண்டைக் கையில் வாங்கும் விருந்தினர் அதை மலிவானது என்று நினைப்பாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

மாங்கனி நகர்

விருந்தினர் பார்வைதான் முக்கியம். என் கருத்தில் மாற்றமில்லை, 500க்குக் கீழே போகாதீர்கள்.

கரூர்த் தறி

வெளிநாட்டு விடுதிகள் 500, 600 என்று கேட்பது அவர்களிடம் உலர்த்தும் இயந்திரம் இருப்பதால். கொடியில் காயவைப்பவர்களுக்கு 380 முதல் 420 வரை நெருக்கமான, குட்டைச் சுருள் உள்ள துண்டையே நான் பரிந்துரைப்பேன். புதிதாக வாங்கிய துண்டின் மெதுமெதுப்பைப் பார்த்தும் மயங்க வேண்டாம், அதில் பெரும்பகுதி கடைசியில் ஏற்றும் சாஃப்ட்னர். சிலிகான் சாஃப்ட்னர் அதிகமாக ஏற்றிய துண்டு 600 ஜி.எஸ்.எம். ஆனாலும் நீரைத் தள்ளும். ஒரு மூலையை வாளித் தண்ணீரின் மேல் மெல்ல வைத்துப் பாருங்கள். நன்றாகப் பதப்படுத்திய துண்டு சில நொடிகளில் நனைந்து மூழ்கும், சாஃப்ட்னர் ஏறியது மிதந்துகொண்டே இருக்கும்.

பாவும் ஊடையும்

விரிப்புத் துணியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை என்பதால் ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. 145 துணி 120 துணியைவிட மலிவாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை நூல் நம்பரில் இருக்கிறது. நூல் நம்பர் கூடினால் நூல் மெல்லியதாகும். 20ஆம் நம்பர் நூலைவிட 40ஆம் நம்பர் நூல் பாதிக் கனம்தான்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு எத்தனை இழை, குறுக்கே ஓடும் ஊடை எத்தனை இழை என்று எண்ணிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை நூல் நம்பரால் வகுத்து 23.25-ஆல் பெருக்குங்கள். இழைகள் மேலும் கீழுமாக வளைந்து போவதால் கூடுதலாகச் செல்லும் நூலுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சேர்த்தால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். பாவும் ஊடையும் ஒரே நம்பராக இருந்தால்தான் இப்படி மொத்தமாகக் கூட்டலாம், வேறுபட்டால் தனித்தனியாக வகுத்துப் பிறகு கூட்ட வேண்டும்.

20ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்கு 60 பாவும் 60 ஊடையும் வைத்தால் மொத்தம் 120 இழை. கணக்கு ஏறத்தாழ 146 என்று வரும். 40ஆம் நம்பர் நூலில் 132 பாவும் 72 ஊடையும் வைத்தால் 204 இழை, வருவது ஏறத்தாழ 124. எடை குறைந்த இரண்டாவது துணியில்தான் இழை அதிகம். மெல்லிய நூலை நூற்கும் செலவும் கூடுதல், ஊடை அதிகமானால் ஒரு மீட்டர் நெய்யத் தறி ஓடும் நேரமும் கூடுதல். விலை அங்கே போகிறது, எடைக்குப் போவதில்லை. உங்களிடம் வந்துள்ள இரண்டு துணிகளும் ஏறக்குறைய இந்த வகைகளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பூதக்கண்ணாடி ஒன்றை வைத்து ஓர் அங்குலத்தில் இழைகளை எண்ணிப் பாருங்கள்.

துவைக்காத புதுத் துணியில் கஞ்சியின் எடையும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தறியில் பாவு அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி ஏற்றித்தான் ஓட்டுகிறோம். தறியிலிருந்து இறங்கியபடியே காடாவாக வாங்கினால் அந்தக் கஞ்சியையும் பருத்தி விலைக்கு வாங்குகிறீர்கள். ஒரு முழத் துண்டை வெந்நீரில் அலசிக் காயவைத்து, முன்னும் பின்னும் எடை பாருங்கள். வெறும் எடையைப் பாருங்கள், ஜி.எஸ்.எம். கணக்கிடாதீர்கள், ஏனென்றால் துணியும் உடனே சுருங்கிக் கணக்கைக் குழப்பிவிடும்.

காவிரிக்கரை

எண்ணிப் பார்த்தேன், அண்ணா. மலிவான துணியில் இரு பக்கமும் அங்குலத்துக்கு 60க்குச் சற்றுக் குறைவு. மற்றதில் இழைகள் கண்ணை உறுத்தும் அளவுக்கு நெருக்கமாக இருந்தன, 130 வரை எண்ணினேன். நீங்கள் ஊகித்தது சரி.

துண்டுகளையும் துவைத்துவிட்டேன். இப்போது ஒரு துண்டு 466 கிராம், அளவு 69க்கு 138. வகுத்தால் 489 வருகிறது. எடை 12 கிராம் குறைந்திருக்கிறது, ஜி.எஸ்.எம். மட்டும் 455-இலிருந்து 489-க்கு ஏறிவிட்டது. நான் எங்கேனும் தவறாகக் கணக்கிட்டேனா?

கரூர்த் தறி

கணக்கு சரிதான். இதைக் காட்டத்தான் துவைக்கச் சொன்னேன். பஞ்சுத் துகளும் சாஃப்ட்னரும் போனதால் எடை குறைந்தது. துண்டு சுருங்கியதால் அதே பருத்தி சிறிய பரப்புக்குள் நெருங்கிவிட்டது, ஆகவே ஒரு சதுர மீட்டருக்கான எடை ஏறியது. ஒரு கிராம் பருத்திகூட உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. நாளைக்குக் கடைக்காரர் “துவைத்து அளந்து பாருங்கள், ஐந்து விழுக்காட்டுக்குள் வரும்” என்று சொன்னால் அவர் சொல்வது எண்ணளவில் உண்மையாகவே இருக்கும். அதனால் ஆர்டரில் ஜி.எஸ்.எம். மட்டும் எழுதினால் போதாது. துவைக்கும் முன் துண்டின் நீளம், அகலம், ஒரு துண்டின் எடை ஆகிய மூன்றையும் எழுத வேண்டும்.

பின்னல் நகரம்

டி-சர்ட்டில் இதே பிரச்சினை இன்னும் கடுமையாக வரும். பின்னல் துணி ரப்பர் போல இழுபடும். சாயமேற்றி உலர்த்தும்போது நீளவாக்கில் இழுத்துவிட்டால் அதே கிலோவில் கூடுதல் மீட்டர் கிடைக்கும், ஜி.எஸ்.எம். இறங்கும். முதல் சலவையிலேயே துணி தன் பழைய நிலைக்குத் திரும்பிச் சட்டை குட்டையாகிவிடும். அம்மா, டி-சர்ட் மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை வெட்டலாம். தையலும் பிரிண்டும் இல்லாத இடத்தில் 20க்கு 20 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் எடை பார்த்து 25-ஆல் பெருக்குங்கள். பத்துக்குப் பத்து வெட்டினால், ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே இரண்டு விழுக்காடு தவறிவிடும். மற்றச் சட்டையில் 40க்கு 40 சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, துவைத்துக் காயவைத்து அளந்துகொள்ளுங்கள்.

காவிரிக்கரை

எங்கள் தெரு நகைக்கடையில் எடை போட்டுத் தந்தார்கள், 6.9 கிராம். ஆகவே 172.5 ஜி.எஸ்.எம்., 180-இலிருந்து ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கிறது. வரைந்த சதுரம் துவைத்த பிறகு நீளத்தில் 36.8, அகலத்தில் 39 என்று ஆகிவிட்டது.

பின்னல் நகரம்

நீளத்தில் எட்டு விழுக்காடு சுருங்கியிருக்கிறது. 70 சென்டிமீட்டர் சட்டை 64-க்குச் சற்று மேலே வந்து நிற்கும், குனிந்து கட்டில் விரிக்கும் பணியாளர்களுக்கு அது முதுகை மூடாது. இப்போதைய ஜி.எஸ்.எம். 192 என்று வரும். எண்ணை மட்டும் பார்ப்பவர் “180 கேட்டோம், 192 கிடைத்தது” என்று மகிழ்ந்துவிடுவார். இந்தத் துணியை வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் காம்பாக்டிங் செய்து நீளச் சுருக்கம் ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கும் துணியில் தைத்துத் தரக் கேளுங்கள்.

ஒரே 180-ஐ 24ஆம் நம்பர் நூலில் ஒற்றை ஜெர்சியாகவும் பின்னலாம், 40ஆம் நம்பர் நூலில் இரட்டைப் பின்னலான இன்டர்லாக்காகவும் பின்னலாம். இரண்டும் தராசில் ஒன்றுதான், அணிந்தால் வேறு வேறு துணி. இன்டர்லாக் வழவழப்பாக நிற்கும், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருவது அதில் அரிது, விலை கூடுதல். கும்பகோணத்து வெயிலில் நாள் முழுதும் வேலை செய்பவர்களுக்கு 150 முதல் 160 வரை ஒற்றை ஜெர்சியே போதும் என்பது என் எண்ணம்.

மாங்கனி நகர்

150 என்றால் வெள்ளைச் சட்டையில் உள்ளே இருப்பது தெரியுமே?

பின்னல் நகரம்

வெள்ளையில் தெரியத்தான் செய்யும், அதை மறுக்க மாட்டேன். அடர்ந்த நிறம் எடுத்தால் 150, வெள்ளைதான் வேண்டும் என்றால் 180 என்று வைத்துக்கொள்ளலாம்.

காவிரிக்கரை

அடர்பச்சை எடுக்கிறோம், எனவே 160 கேட்கப்போகிறேன். துண்டு விற்பவரிடமும் பேசினேன். நடுப்பகுதியில் கட்டர் வைத்து அளந்ததாகத்தான் அவரும் சொன்னார், பார்டரைச் சேர்க்கவில்லையாம். புதிய ஆர்டரில் இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன்: “75க்கு 150 சென்டிமீட்டர், துவைக்கும் முன் பார்டர் உட்பட ஒரு துண்டு 450 கிராம், ஐந்து விழுக்காடு வரை ஏற்கப்படும், மூன்று சலவைக்குப் பின் நீளச் சுருக்கம் ஆறு விழுக்காட்டுக்கு மேல் கூடாது.” கணக்குப்படி இது 400 ஜி.எஸ்.எம். சரிதானே?

கரூர்த் தறி

சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எடை பார்க்கும் நாள் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கட்டும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அடைமழை நாளில் எடை போட்ட துண்டு, கத்திரி வெயிலில் எடை போட்ட அதே துண்டைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆய்வகங்களில் 65 விழுக்காடு ஈரப்பதத்தில் துணியை வைத்திருந்துதான் அளக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் அந்த வசதி இல்லை என்பதால், பெட்டி வந்திறங்கும் நாளில் அவர் முன்னிலையிலேயே பத்துத் துண்டுகளை எடுத்து எடை போடுங்கள்.

பாவும் ஊடையும்

சலவைச் சுருக்கத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட இந்த அளவு சிறிய ஆர்டருக்கு எந்த விற்பனையாளரும் முன்வருவாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. எடையையும் அளவையும் ஒப்புக்கொள்வார்கள். சுருக்கம் என்றால் உங்கள் ஊர்த் தண்ணீர், உங்கள் சோப்பு என்று பேச்சு திரும்பிவிடும்.

காவிரிக்கரை

அதையும் கேட்டேன், அண்ணா. எடைக்கும் அளவுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார். சுருக்கத்தைப் பற்றி ஆலையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.